மேலாளர் மேசைக்குப் போகும் ஐந்து வரி

(குத்தாலத்தில், அலுவலகக் கணினிப் பணியில் இருக்கும் இளைஞர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



குறுவை அறுவடை நேரத்தில் ஒரு மண்டல மேலாளர் காலையில் என்ன கேட்பார்? "குத்தாலம் பக்கம் நெல் தேங்கிக் கிடக்கா? இன்னைக்கு லாரியை எங்கே அனுப்பணும்?" அவ்வளவுதான். வானத்தில் மேகம் திரண்டிருக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டைகள் அட்டியாக அடுக்கிக் கிடக்கும், மேலே தார்ப்பாய் இருக்கும் அல்லது இருக்காது. அவர் கையில் இருக்கும் லாரிகள் எப்போதுமே தேவையைவிடக் குறைவு. உங்களில் ஒருவர் கணினியில் உட்கார்ந்து, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்டு, வந்த விடையை நாலைந்து வரியில் எழுதி அவருக்கு அனுப்ப வேண்டும். அந்த நாலைந்து வரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியைக் குவெரி என்கிறோம். மேலாளருக்கு அந்தச் சொல் தெரிய வேண்டியதில்லை. நெல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட நமக்குத் தெரியாது. ஆகவே 'தெரியாதவருக்கு எளிமையாகச் சொல்வது' என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். சிப்பம், இயக்கம், இருப்பு, பட்டியல் எழுத்தர், திறந்தவெளிச் சேமிப்பு மையம் என்று அவருக்கு ஒரு முழு மொழி இருக்கிறது. நாம்தான் அந்த மொழிக்குள் போய்ப் பேச வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் உதாரணத்துக்காக வைத்தவை, எந்த நிலையத்தின் உண்மைக் கணக்கும் அல்ல. இந்தப் பகுதியில் 6 நிலையங்கள். `purchase` என்ற அட்டவணையில் ஒவ்வொரு நிலையமும் ஒவ்வொரு நாளும் வாங்கிய சிப்பங்கள் இருக்கின்றன. `movement` என்ற அட்டவணையில் லாரியில் ஏற்றி அனுப்பிய சிப்பங்கள். வாங்கியதில் அனுப்பியதைக் கழித்தால் இருப்பு. பள்ளிப் பிள்ளைகூடச் செய்யும் கழித்தல். வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்:

```sql
SELECT p.center_code,
       SUM(p.bags) - SUM(m.bags) AS balance
FROM purchase p
JOIN movement m ON m.center_code = p.center_code
GROUP BY p.center_code;
```

பார்க்க ஒழுங்காக இருக்கிறது, பிழை எதுவும் காட்டாமல் ஓடவும் செய்யும். ஆனால் இதற்குள் இரண்டு குழிகள் இருக்கின்றன.

முதல் குழி பெருக்கல். 1ஆம் நிலையம் பத்து நாளில் 9,400 சிப்பம் வாங்கியிருக்கிறது, பத்து வரிகள். நான்கு தடவையாக 6,900 சிப்பம் அனுப்பியிருக்கிறது; நான்கு வரிகள். இரண்டு அட்டவணையையும் நிலைய எண்ணை மட்டும் வைத்துச் சேர்த்தால், பத்து வரியும் நான்கு வரியும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நாற்பது வரியாகிவிடும். வாங்கியது நான்கு மடங்கு, அனுப்பியது பத்து மடங்கு. 37,600இல் 69,000ஐக் கழித்து, இருப்பு கழித்தல் 31,400 என்று வரும். வாங்காத நெல்லை யாரும் லாரியில் ஏற்ற முடியாது என்பதால் இது உடனே கண்ணில் படும். ஆபத்தானது 2ஆம் நிலையம். அங்கே வாங்கியது 8,000, அனுப்பியது 6,400, உண்மையான இருப்பு 1,600. வாங்கிய நாளும் ஐந்து, அனுப்பிய தடவையும் ஐந்து என்று வையுங்கள். இரண்டும் ஒரே அளவாக ஐந்து மடங்கு பெருகும். இருப்பு 8,000 என்று வரும். வாங்கிய மொத்தமே 8,000 என்பதால், 'ஐயோ, அங்கே ஒரு மூட்டைகூட நகரவில்லை' என்று எழுதத் தோன்றும். பொருத்தமான எண்ணாக வந்து நிற்கும் தவறு, அபத்தமான எண்ணாக வரும் தவறைவிடக் கெட்டது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஏதாவது ஒரு நிலையத்தின் வரிகளைத் தனியாக எடுத்துக் கையால் கூட்டிப் பார்ப்பது. மேலாளருக்கு எழுதத் தொடங்குமுன் அந்த ஒரு கூட்டலைச் செய்துவிட வேண்டும்.

இரண்டாவது குழிதான் இன்றைக்கு முக்கியம். 4ஆம் நிலையம் 6,200 சிப்பம் வாங்கியிருக்கிறது. இயக்கம் பற்றி ஒரு வரிகூட இல்லை. சாதாரண `JOIN` இரண்டு பக்கமும் இருப்பதை மட்டுமே எடுக்கும். ஆகவே 4ஆம் நிலையம் விடையில் வரவே வராது. எந்த நிலையத்துக்காக மேலாளர் கேள்வியே கேட்டாரோ, அந்த நிலையம் பட்டியலில் இல்லை! ஐந்து நிலையங்கள் வரிசையாக வரும். ஆறு இருக்க வேண்டும் என்று நினைவிருப்பவருக்கு மட்டுமே அது உறைக்கும்.

பெருக்கலை மட்டும் சரிசெய்துவிட்டு இந்தக் குழியை விட்டுவிட்டால் என்ன ஆகும் பாருங்கள். ஐந்து நிலையங்களில் வாங்கியது 34,400. அனுப்பியது 28,800. 'கொள்முதல் செய்த நெல்லில் 84 விழுக்காடு இயக்கம் முடிந்தது.' அழகான வாக்கியம், மேலாளரும் நிம்மதியாக வேறு வேலை பார்ப்பார். 4ஆம் நிலையத்தில் 6,200 சிப்பம் மழைக்குக் காத்திருக்கும்.

சரியாக எழுதினால் இப்படி இருக்கும்:

```sql
SELECT p.center_code, p.bought,
       COALESCE(m.moved, 0) AS moved,
       p.bought - COALESCE(m.moved, 0) AS balance
FROM (SELECT center_code, SUM(bags) AS bought
      FROM purchase GROUP BY center_code) p
LEFT JOIN (SELECT center_code, SUM(bags) AS moved
      FROM movement GROUP BY center_code) m
  ON m.center_code = p.center_code
ORDER BY balance DESC;
```

அட்டவணைகளைச் சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொன்றையும் நிலையவாரியாகக் கூட்டிவிடுகிறோம், பெருக்கல் போயிற்று. `LEFT JOIN` போட்டதால் இயக்கம் இல்லாத நிலையமும் வரும். விடை: 4ஆம் நிலையத்தில் 6,200 சிப்பம் இருப்பு. 1இல் 2,500. 2இல் 1,600. 5இல் 900. 3இலும் 6இலும் 300, 300. மொத்தம் 11,800.

இனி எழுத வேண்டும். நான் பார்த்த அறிக்கைகளில் பாதி இப்படித் தொடங்குகின்றன: 'கொள்முதல், இயக்கம் ஆகிய இரு அட்டவணைகளையும் நிலையக் குறியீட்டின் அடிப்படையில் லெஃப்ட் ஜாயின் செய்து, நல் மதிப்புகளைப் பூஜ்யமாக மாற்றி, தொகுத்துப் பெறப்பட்ட ஆறு பதிவுகளின் விவரம் பின்வருமாறு.' இதில் ஒரு பொய்யும் இல்லை. பயனும் இல்லை. நாம் பட்ட பாட்டை எழுதியிருக்கிறோம், அவர் கேட்டதற்கு விடை எழுதவில்லை. எங்கே லாரி அனுப்புவது என்று தெரிய, அவர் கடைசிப் பத்திவரை போய்த் தேட வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஜீப்பில் உட்கார்ந்து அலைபேசியில் படிக்கும் மனிதர் கடைசிப் பத்திக்குப் போக மாட்டார்.

நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

'சார், 4ஆம் நிலையத்தில் 6,200 சிப்பம் தேங்கியிருக்கிறது. இது இந்தப் பகுதியின் மொத்த இருப்பான 11,800இல் பாதிக்கு மேல். அங்கே கொள்முதல் தொடங்கியதிலிருந்து ஒரு லாரிகூடப் பதிவாகவில்லை. உண்மையிலேயே லாரி போகவில்லையா, போனதைப் பதியவில்லையா என்பது கணினியில் தெரியாது. பட்டியல் எழுத்தரிடம் கேட்க வேண்டும். அடுத்தது 1ஆம் நிலையம், 2,500 சிப்பம். மற்ற நான்கும் சேர்ந்து 3,100. நேற்று மாலை 6 மணிவரை பதிவான கணக்கு.'

இதில் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். முதல் வரி அவருடைய கேள்விக்கு விடை. அந்த ஒரு வரியோடு அவர் நிறுத்திவிட்டாலும் லாரி சரியான ஊருக்குப் போகும். சராசரி போடவில்லை, ஆறு நிலையத்துக்கும் சராசரி இருப்பு 1,967 சிப்பம் என்று எழுதலாம்தான், ஆனால் அந்த அளவில் எந்த நிலையமும் இல்லை, சராசரிக்கு யாரும் லாரி அனுப்புவதும் இல்லை.

மூன்றாவது, நான்காவது வரிகளில்தான் எழுதுபவரின் நேர்மை இருக்கிறது. குவெரியில் `COALESCE(m.moved, 0)` என்று நாம் எழுதினோமே, அங்கே ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். தரவுத்தளத்தில் இருந்தது பூஜ்யம் அல்ல, வெற்றிடம். 'பதிவு இல்லை' என்பதை 'நகர்வு இல்லை' என்று மாற்றியது நாம். கணக்குப் போட அது தேவைப்பட்டது. ஆனால் அப்படி மாற்றியதை மேலாளருக்குச் சொல்லாமல் விட்டால், நம்முடைய ஊகத்தை உண்மை என்று அவர் கையில் கொடுத்துவிடுகிறோம். இரவில் லாரி கிளம்பியிருக்கும், இணையம் வராமல் மறுநாள் பதிந்திருப்பார்கள். அல்லது நிலைய எண்ணை மாற்றி அடித்திருப்பார்கள். மேலாளர் 'ஏன் ஒரு லாரிகூட அனுப்பவில்லை' என்று நாலு பேர் முன்னால் அந்த எழுத்தரைக் கடிந்துகொண்ட பிறகு, அனுப்பியிருந்தது தெரியவந்தால், அடுத்த நாளிலிருந்து உங்கள் குறிப்பை அவர் திறந்தும் பார்க்க மாட்டார். நல், கோலெஸ் என்ற சொற்கள் அவருக்கு வேண்டாம். அவற்றால் என்ன ஐயம் வருகிறதோ அது வேண்டும்.

'மற்ற நிலையங்களில் அவசரமில்லை' என்று எழுதாததையும் கவனித்திருப்பீர்கள். அது நம் வேலையில்லை. 3ஆம் நிலையத்தில் இருப்பது 300 சிப்பம்தான், ஆனால் அது நேற்று வாங்கியதா, பருவத் தொடக்கத்திலிருந்து மூலையில் கிடப்பதா என்று நம் கூட்டல் சொல்லாது. தேதிவாரியாகப் பார்க்காமல் அவசரத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை.

சிப்பத்தை டன்னாக மாற்றுவதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு சிப்பம் 40 கிலோ. 25 சிப்பம் ஒரு டன். 6,200 சிப்பம் 248 டன். தலைமையகத்துக்குப் போகும் அறிக்கையில் டன் கேட்பார்கள், கொடுங்கள். மண்டல மேலாளருக்கு, லாரியைத்தான் முடிவு செய்யப் போகிறார் என்றால், சிப்பத்திலேயே விடுங்கள், அல்லது லாரியில் சொல்லுங்கள். 20 டன் ஏற்றும் லாரி என்று வைத்தால் 500 சிப்பம். ஆக 13 நடை. நிதிப் பிரிவில் கேட்டால் ரூபாய். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டால் 2,500 ரூபாய்; ஒரு சிப்பம் சரியாக ஆயிரம் ரூபாய் ஆகிறது. அந்த 6,200 சிப்பமும் சாதாரண ரகம் என்றால், 62 லட்ச ரூபாய் வெட்டவெளியில் நிற்கிறது என்று பொருள். ஒரே எண்தான். கேட்பவர் எதை நகர்த்தும் அதிகாரம் உள்ளவரோ அந்த அலகில் சொல்ல வேண்டும்.

டன்னில் இன்னொரு சிக்கலும் உண்டு. 40 கிலோ என்பது வாங்கிய நாளின் எடை. நெல் காயும். கொள்முதல் விதியில் ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. மழைக் காலங்களில் மத்திய அரசு தளர்வு கொடுத்த ஆண்டுகளும் உண்டு. 17இல் வாங்கிய நெல் அட்டியில் கிடந்து 14க்கு இறங்கினால் 40 கிலோ ஏறக்குறைய 38.6 கிலோ ஆகிவிடும். 6,200 சிப்பத்தில் எட்டரை டன்னுக்கு மேல் காற்றோடு போயிருக்கும். திருட்டும் இல்லை, தவறும் இல்லை. நீங்கள் '248 டன் இருப்பு' என்று எழுதி, சேமிப்பு மையத்து எடைமேடை 240 காட்டினால், இடையில் மாட்டிக்கொள்பவர் நிலையத்து ஊழியர். 'வாங்கியபோது 248 டன்' என்று எழுதினால் அந்த ஒரு சொல் அவரைக் காப்பாற்றும்.

மேலே சொன்ன இரண்டாவது குழி இன்னொரு கேள்வியிலும் வரும். "விவசாயிகளுக்குப் பணம் எத்தனை நாள்ல போகுது?" நெல் போட்டவருக்கு வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் போகிறது. விற்ற தேதி இருக்கிறது, பணம் போன தேதி இருக்கிறது. கழித்து `AVG` போட்டால் 2 நாள் என்று வரும் என்று வைத்துக்கொள்வோம். 100 பட்டியலில் 80க்கு இரண்டு நாளில் பணம் போயிருக்கிறது. மீதி 20க்குப் பணம் போன தேதியே இல்லை, ஒன்பது நாளாகக் காத்திருக்கிறார்கள். `AVG` வெற்றிடத்தைக் கணக்கில் எடுக்காது. பணம் கிடைக்காதவர்கள் சராசரியைக் கெடுக்கவே மாட்டார்கள். காத்திருக்கக் காத்திருக்க அவர்கள் கணக்குக்கு வெளியிலேயே நிற்பார்கள். ஆகவே 'சராசரி 2 நாள்' என்று எழுதாதீர்கள். '100 பட்டியலில் 80க்கு இரண்டு நாளில் பணம் போய்விட்டது. 20 பட்டியல் ஒன்பது நாளாக நிலுவை' என்று எழுதுங்கள். பட்டியல் என்கிறேன், விவசாயி என்று சொல்லவில்லை. ஒரே விவசாயி மூன்று தடவை நெல் கொண்டுவந்தால் மூன்று பட்டியல். 20 பட்டியல் என்பது 20 குடும்பமாகவும் இருக்கலாம், 12 குடும்பமாகவும் இருக்கலாம். ஆளை எண்ணினோமா, தாளை எண்ணினோமா என்பதை எழுதியே ஆக வேண்டும்.

'போன வருஷத்தோடு ஒப்பிட்டா எப்படி?' இந்தக் கேள்விக்கு இரண்டு எச்சரிக்கை மட்டும். கொள்முதல் பருவம் நெடுங்காலம் அக்டோபர் 1இல் தொடங்கியது. குறுவை முன்கூட்டியே வருவதால், தமிழ்நாட்டில் 2022 முதல் செப்டம்பர் 1இலேயே தொடங்க மத்திய அரசு ஒப்புக்கொண்டது. பழைய குவெரியில் தொடக்கத் தேதி அக்டோபர் என்றே கிடந்தால் ஒரு மாதக் குறுவை நெல் காணாமல் போகும். இரண்டாவது, நம் மயிலாடுதுறை மாவட்டம் செயல்படத் தொடங்கியது 2020 டிசம்பர் 28இல். அதற்கு முன் நாம் நாகப்பட்டினம். மாவட்டப் பெயரை வைத்துப் பழைய ஆண்டுகளைத் தேடினால் பூஜ்யம்தான் வரும். 'கொள்முதல் பல மடங்கு உயர்வு' என்று யாராவது ஒரு புண்ணியவான் எழுதிவிடுவார்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். குத்தாலம் என்றதும் 'அருவியில் தண்ணீர் விழுகிறதா' என்று கேட்கும் சென்னைக்காரர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குற்றாலம் தென்காசிப் பக்கம் இருக்கிறது, நாம் காவிரிக் கரையில் இருக்கிறோம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆங்கிலத்தில் `KUTTALAM` என்றும் `KUTHALAM` என்றும் இரண்டு விதமாகவும் நம் ஊரை எழுதுகிறார்கள். பெயரை வைத்து `GROUP BY` போட்டால் ஒரே ஊர் இரண்டு வரியாகப் பிரியும். இரண்டு வரியிலும் இருப்பு பாதி பாதியாகத் தெரியும். இரண்டுமே லாரி அனுப்பும் அளவுக்குப் பெரிதாகத் தெரியாது. அதனால்தான் மேலே எண்ணை வைத்துத் தொகுத்தோம். ஆனால் மேலாளருக்கு எழுதும்போது எண் மட்டும் எழுதாதீர்கள். அவருக்கு ஊர் தெரியும், சாலை தெரியும், எந்த நிலையத்துக்குள் பெரிய லாரி திரும்பாது என்பதுகூடத் தெரியும். நான் இங்கே உண்மையான ஊரைச் சொல்லக் கூடாது என்பதற்காக 4ஆம் நிலையம் என்றேன். நீங்கள் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. பக்கத்து மேசையில் கணினி தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். 'புரிந்ததா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். 'இப்போது நீங்கள் மேலாளராக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். 'லாரியை நாலாவது நிலையத்துக்கு அனுப்புவேன், ஆனா முதல்ல அந்த எழுத்தருக்கு ஒரு போன் போடுவேன்' என்று வந்தால் அனுப்பிவிடலாம். 'எல்லாம் நல்லா போய்க்கிட்டிருக்கு போல' என்று வந்தால் திரும்ப எழுதுங்கள்.

ஒரு நண்பர் சீட்டில் எழுதிக் கேட்டிருக்கிறார், குவெரியையும் கூடவே இணைக்கலாமா என்று. மேலாளருக்குப் போகும் குறிப்பில் வேண்டாம். ஆனால் அன்றைய தேதியோடு, ஓட்டிய நேரத்தோடு, அதைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நேற்று 6,200 என்றாய், இன்று அதே தேதிக்கு 5,400 என்கிறாயே என்று அவர் ஒரு நாள் கட்டாயம் கேட்பார். இரவு கிளம்பிய லாரியை மறுநாள் காலை பத்து மணிக்குப் பதிந்திருப்பார்கள், 800 சிப்பம் குறைந்திருக்கும். நீங்கள் ஓட்டிய நேரம் காலை எட்டு மணி என்று கோப்பில் இருந்தால் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம்.